மகனின் ஊனச் சான்று காலாவதியாகப் போகிறது: புதுப்பிக்க முடியாமல் நிற்கிறோம்

வணக்கம். நாங்கள் குடியாத்தம் பக்கம், வேலூர் மாவட்டம். என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. 5 வயதில் வாங்கியது தற்காலிகச் சான்று. 10 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும், 18 வயதில் தருவதுதான் நிரந்தரம். அவனுக்கு அடுத்த மாதம் 10 முடிகிறது. மாத உதவித்தொகை இந்தச் சான்றை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பே swavlambancard.gov.in தளத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்தேன். பழைய அட்டை, ஆதார், புகைப்படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அப்புறம் மருத்துவமனைக்கு இரண்டு முறை போனோம். ஐ.க்யூ. சோதனை எடுக்கும் உளவியலாளர் இல்லை என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே எடுத்த அறிக்கையைக் காட்டினேன், வாங்கவில்லை. காத்திருந்த நேரமெல்லாம் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். தளத்தில் இன்னும் ‘Pending’ என்றே காட்டுகிறது.

இந்த விண்ணப்பத்திலேயே வேறு அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டுமா? செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள்.