சில்க் பேப்பர் கல்யாண போட்டோவை ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் தேன்கூடு – எப்படி எடுப்பது?

கும்பகோணத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு பீமரத சாந்தி. 1981-ல் எடுத்த அம்மா அப்பா கல்யாண போட்டோ ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, நெகட்டிவ் கிடையாது. அதை 12×18 சைஸில் பெரிதாக்கி மேடையில் வைக்க ஆசை. போட்டோ 3.5×5 அங்குலம், கலர், சில்க் பேப்பர். கையில் பிடித்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது. வீட்டு பிரிண்டரில் இருக்கும் ஸ்கேனரில் 300 டிபிஐ வைத்து எடுத்தால், அம்மா முகம் முழுக்கத் தேன்கூடு மாதிரி கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ப்ளர் போட்டேன். கட்டம் போகிறது, கூடவே மூக்குத்தியும் கண் இமையும் போய்விடுகின்றன.

இன்னொன்று, தாத்தாவின் தனிப்படம். அது தேன்கூடு இல்லை, மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு. இரண்டுக்கும் ஒரே வழிதானா?

பிக்சல்_பித்தன்:
300 ரொம்பக் குறைவு, 1200-ல் எடுங்க. ஸ்கேனர் சாஃப்ட்வேரில் Descreen என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டால் கட்டம் எல்லாம் காணாமல் போய்விடும். என் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய வார இதழ்கள்:
எனக்கும் இதே தொல்லை. அறுபதுகளில் வந்த வார இதழ் அட்டைகளை ஸ்கேன் செய்தால் மேலே அலை அலையாக ஓடுகிறது. கலர் புள்ளிகளும் தெரிகின்றன. நானும் 1200 வைத்துப் பார்க்கட்டுமா?

ஸ்டூடியோக்காரர்:
இதழ்கள் ஐயா, உங்களுடையது வேறு விஷயம். அச்சில் இருப்பது மையால் போட்ட புள்ளி. அதற்குத்தான் Descreen. நீங்கள் அதைப் போடுங்கள், சரியாகிவிடும்.

அம்மா, உங்கள் படத்தில் புள்ளியே கிடையாது. பேப்பர் மேடு பள்ளமாக அச்சுக் குத்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் டார்க்ரூமில் வேலை பார்த்த நாளில் கல்யாண ஆல்பத்துக்கு சில்க்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். பத்துப் பேர் தொட்டுப் பார்த்தாலும் விரல் ரேகை தெரியாது. ஸ்கேனரில்தான் அது வினையாகிறது. கண்ணாடிக்கு அடியில் ஓடும் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. விளக்கைப் பார்த்த சரிவு மின்னும், மறுபக்கச் சரிவு இருண்டுவிடும். நம்பிக்கை இல்லையென்றால் கண்ணாடி மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஸ்கேன் செய்து பாருங்கள். நாணயத்தின் ஒரே பக்கத்தில் நிழல் விழுந்திருக்கும்.

ஆகையால் படத்தை ஒரு தடவை நேராக வைத்து எடுங்கள், இன்னொரு தடவை தலைகீழாகத் திருப்பி எடுங்கள். முதலில் மின்னிய சரிவு இரண்டாவதில் இருண்டிருக்கும். கணினியில் இரண்டாவதை நேராக்கி, ஒன்றின் மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். படம் மட்டும் நிற்கும். ப்ளர் தேவையே இல்லை.

பித்தன் தம்பி, டிபிஐ கூட்டச் சொன்னது பாதி சரி. கட்டம் தெளிவாகப் பதிந்தால்தான் பிறகு பிரித்து எடுக்க முடியும். அதற்கு 600 போதும். 1200-ல் கோப்புதான் பெருக்கும். Descreen மட்டும் வேண்டாம், அது இவர்கள் போட்ட ப்ளரேதான்.

கும்பகோணத்துக்காரி:
ஐயா, நாணயம் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே, கீழ்ப்பக்கம் மட்டும் நிழல். நேராகவும் தலைகீழாகவும் எடுத்தாயிற்று. ஆனால் எப்படிப் பொருத்துவது? ஜிம்ப்பில் கையால் நகர்த்தினால் ஒரு மூலை பொருந்தும்போது எதிர் மூலை விலகுகிறது.

அலைநீளம்:
கையால் வேண்டாம். Hugin நிறுவினால் கூடவே ஒரு சிறு கருவி வரும், அது பொருத்தித் தரும். சராசரிக்கு ImageMagick.

```
magick scan180.tif -rotate 180 b.tif
align_image_stack -m -a al_ scan0.tif b.tif
magick al_0000.tif al_0001.tif -evaluate-sequence mean out.tif
```

ஸ்கேன் செய்யும்போது ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஸ்கேனும் வெவ்வேறு வெளிச்சத்தில் வரும், சராசரி கெடும். ஜேபெக் வேண்டாம், டிஃப்பில் சேமியுங்கள்.

கும்பகோணத்துக்காரி:
வெள்ளைப் புள்ளிகள் நன்றாகக் குறைந்துவிட்டன. மூக்குத்தி திரும்ப வந்துவிட்டது! ஆனால் இரண்டு குறை. மங்கலாகக் கட்டம் இன்னும் தெரிகிறது, பக்கவாட்டில் கோடு கோடாக. அம்மாவின் இடது கண் இமை இரட்டையாகத் தெரிகிறது, வலது கண் சரியாக இருக்கிறது.

ஸ்டூடியோக்காரர்:
இமை இரட்டையாவது பொருத்தம் அந்த இடத்தில் தப்பியதால். பழைய பேப்பர் ஒரு மூலையில் சுருண்டிருக்கும், இரண்டு தடவையும் ஒரே மாதிரி படிந்திருக்காது. மூடி மேல் கனமான புத்தகம் ஒன்று வைத்து மறுபடி எடுங்கள். கோடு நிற்பதற்குக் காரணம் வேறு. தலைகீழாகத் திருப்பினால் மேல் கீழ்ச் சரிவுகள்தான் இடம் மாறும். இடம் வலமாகச் சரிந்த பக்கங்களுக்கு இரண்டு தடவையும் ஒரே வெளிச்சம்தான். படத்தைக் குறுக்கே வைத்து 90, 270 பாகையிலும் எடுங்கள், மொத்தம் நாலு.

அலைநீளம்:
நாலு எடுத்தால் நாலையும் நேராக்கிப் பொருத்தி, கடைசி வரியில் நாலு கோப்பையும் கொடுத்து, `mean` என்ற இடத்தில் `median` போடுங்கள். ஒரு ஸ்கேனில் வெள்ளையாகவே வெந்துபோன புள்ளி சராசரியில் கால்வாசி வெளிச்சமாக நிற்கும். மீடியனில் அது ஓரமாகத் தள்ளப்படும்.

அப்புறமும் மிஞ்சும் கட்டத்துக்கு எஃப்எஃப்டி, அதாவது திரும்பத் திரும்ப வரும் கட்டத்தைத் தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. சில்க் பேப்பருக்கு மட்டும் இந்த வசதி உண்டு, ஏனென்றால் அந்த அச்சு படம் முழுக்க ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. படத்தின் ஓர வெள்ளை பார்டரை முதலில் வெட்டுங்கள். ஜிம்ப்பில் Decompose போய் LAB என்று பிரியுங்கள். பேப்பரின் மினுக்கம் வெளிச்சத்தைக் குறிக்கும் L-ல்தான் இருக்கிறது, நிறத்தில் அனேகமாக இல்லை. அதனால் L அடுக்கை மட்டும் எடுத்து ImageJ-யில் திறந்து `Process > FFT > FFT` கொடுங்கள். கருப்பில் மேகம் மாதிரி ஒன்று வரும். நடுவிலிருந்து தள்ளி, ஆறு வெள்ளைப் பொட்டுகள் அறுகோணமாக நிற்கும். அதுதான் உங்கள் தேன்கூடு. அதற்கு வெளியேயும் மங்கலாகச் சில பொட்டுகள் இருக்கலாம், அவையும் அதே கட்டத்தின் வாரிசுகள்.

எது கட்டம், எது படம் என்று குழம்பினால் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். உங்கள் பேப்பரில் 5 மில்லிமீட்டரில் எத்தனை வரிசை?

கும்பகோணத்துக்காரி:
பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். பத்து வரிசை.

அலைநீளம்:
அப்படியென்றால் ஒரு வரிசைக்கு அரை மில்லிமீட்டர். 600 டிபிஐ-யில் அது சுமார் 12 பிக்சல். உங்கள் படம் 2100×3000 பிக்சல், ImageJ அதை 4096 சதுரமாக நிரப்பிக்கொள்ளும். 4096-ஐ 12-ஆல் வகுத்தால் 341. நடுவிலிருந்து ஏறத்தாழ 340 பிக்சல் தூரத்தில் பொட்டுகள் இருந்தால் அவைதான். ஒவ்வொன்றின் மேலும் சிறு வட்டம் போட்டுக் கருப்பால் நிரப்பி, `Process > FFT > Inverse FFT`. நடுப்புள்ளியையும் அதன் வழியே ஓடும் சிலுவைக் கோட்டையும் தொடாதீர்கள். அது படத்தின் ஓரங்களிலிருந்து வருவது. வட்டம் பெரிதானால் முகத்தைச் சுற்றி நீரலை மாதிரி வளையம் கிளம்பும். பிறகு சுத்தமான L-ஐ ஜிம்ப்பில் பழைய A, B அடுக்குகளோடு Compose செய்தால் நிறம் திரும்பிவிடும்.

கும்பகோணத்துக்காரி:
பொட்டுகள் 338-ல் இருந்தன! கருப்படித்ததும் அம்மா முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. சுவர், அப்பாவின் சட்டை எல்லாம் சுத்தம். ஒரு வருத்தம், கூறைப்புடவையின் பொடிக் கட்டம் மங்கிவிட்டது. பழைய ஸ்கேனில் அது தெரிகிறது.

அலைநீளம்:
அதுதான் இந்த வழியின் எல்லை. புடவைக் கட்டமும் தேன்கூடும் ஏறத்தாழ ஒரே இடைவெளி என்றால் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். நாலு ஸ்கேன் சேர்த்த படத்தை கீழே வையுங்கள், எஃப்எஃப்டி படத்தை மேலே வையுங்கள், லேயர் மாஸ்க் போட்டுப் புடவை இருக்கும் இடத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். துணியின் நெசவுக்குள் மங்கலான தேன்கூடு யார் கண்ணுக்கும் படாது. முகத்தில்தான் உறுத்தும்.

கும்பகோணத்துக்காரி:
புடவை வந்துவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். "இந்தக் கட்டத்துக்குத்தான் கடையில அரை நாள் உட்கார்ந்தோம்" என்றாள். இனி தாத்தா. அவர் படத்துக்கு எஃப்எஃப்டி போட்டால் பொட்டே வரவில்லை, நடுவைச் சுற்றி மங்கலான வளையம் மாதிரிதான் தெரிகிறது.

அலைநீளம்:
வராது. மணல் சொரசொரப்புக்கு ஒரே இடைவெளி கிடையாது, அதனால் அழிக்க ஒரு பொட்டும் இல்லை. அந்த வளையத்தை அழித்தால் தாத்தாவின் மீசை முடியும் கூடப் போகும்.

பிக்சல்_பித்தன்:
கண்ணாடியில் கிளிசரின் தடவி அதன் மேல் படத்தை வைத்தால் மேடு பள்ளம் நிரம்பிவிடுமே? எங்கோ படித்தேன்.

ஸ்டூடியோக்காரர்:
தம்பி, தயவுசெய்து வேண்டாம். ஒளி அறிவு சரிதான், ஆனால் மேலே இருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறி மெத்தென்று ஆகும், கண்ணாடியில் ஒட்டினால் பிரிக்கும்போது முகமே உரிந்து வரும். ஒரே பிரதி உள்ள படத்தில் இந்தச் சோதனை கூடாது.

அம்மா, தாத்தா படத்தை ஸ்கேனரில் வைக்காதீர்கள், கேமராவில் காப்பி எடுங்கள். படத்தை மேசையில் விரித்து, இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி விளக்கு. இரண்டு விளக்குக்கும் போலரைசிங் ஷீட், இரண்டிலும் ஒரே திசையில். லென்ஸில் போலரைசர் ஃபில்டர். படத்தின் பக்கத்தில் ஒரு பளபளப்பான எவர்சில்வர் ஸ்பூனை வையுங்கள். ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் ஸ்பூனில் தெரியும் விளக்கு கருத்துவிடும். அந்த நிலையில் பேப்பர் மேட்டில் மின்னும் ஒளியும் போய்விடும். விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்பூனைப் பாருங்கள், ஒன்றில் மட்டும் கருத்தால் மற்ற ஷீட் திசை மாறியிருக்கிறது. வெளிச்சம் வெகுவாகக் குறையும், அதனால் டிரைபாட் கட்டாயம், டைமரில் எடுங்கள். கருப்பு அதிகக் கருப்பாக வரும், அதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கும்பகோணத்துக்காரி:
கேமரா, ஃபில்டர் தம்பியிடம் இருக்கிறது. ஷீட் இல்லை. ஷீட் இல்லாமல் லென்ஸ் ஃபில்டர் மட்டும் போட்டால்?

ஸ்டூடியோக்காரர்:
கொஞ்சம்தான் குறையும். விளக்கும் ஃபில்டர் வழியாக வந்தால்தான் அந்த மின்னல் முழுக்க மறையும். ஷீட் வாங்க முடியவில்லையென்றால் ஸ்கேனரில் நாலு திசை மீடியன் போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் அடங்கும்.

கும்பகோணத்துக்காரி:
நாலு திசை போட்டேன். நெற்றி, சட்டை சுத்தம். கன்னத்தின் நிழல் பக்கத்தில் மட்டும் மணல் இன்னும் இருக்கிறது. விழாவுக்குக் கல்யாணப் படத்தை நேற்று பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஷீட் ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் ஸ்பூனோடு உட்கார்ந்து என்ன வந்தது என்று இங்கே போடுகிறேன்.