300 Mbps இணைப்பில் 45 ஜிபி கோப்பு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது ஏன்?

கதிரோன் (கேள்வி)

வணக்கம். என் வீட்டு இணைய இணைப்பின் திட்டம் 300 Mbps என்று விளம்பரத்திலும் மாதாந்தர ரசீதிலும் குறிக்கப்பட்டுள்ளது. நேற்று 45 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பைப் பதிவிறக்கத் தொடங்கினேன். 45 ஜிபி என்பது 45,000 எம்பி என்பதால், அதை 300ஆல் வகுத்து, 150 விநாடிகளில், அதாவது இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தேன். ஆனால் பதிவிறக்க மென்பொருள் 11.7 MB/s என்ற வேகத்தையும், மீதமுள்ள நேரம் 1 மணி 4 நிமிடம் என்பதையும் காட்டியது. கடைசி வரை அந்த வேகம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கணினி விண்டோஸில் இயங்குகிறது. ரௌட்டருடன் கேபிள் வழியாக இணைத்திருக்கிறேன், வைஃபை இல்லை. என் கணக்கில் பிழையா, அல்லது சேவை வழங்குநர் வேகத்தைக் குறைத்துத் தருகிறாரா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

யாழினி

உங்கள் கணக்கில் பிழை இருக்கிறது, நண்பரே. நாம் பேச்சில் இரண்டையும் "எம்பி" என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் வருகிறது. விளம்பரத்தில் உள்ள Mbps என்பதில் b சிறிய எழுத்து, அது மெகாபிட். மென்பொருள் காட்டும் MB/s என்பதில் B பெரிய எழுத்து, அது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 300 மெகாபிட்டை எட்டால் வகுத்தால், விநாடிக்கு 37.5 மெகாபைட் கிடைக்கும். 45,000ஐ 37.5ஆல் வகுத்தால் 1,200 விநாடி, அதாவது 20 நிமிடம். இரண்டரை நிமிடம் என்பது எந்த நிலையிலும் நடக்காது.

ஆனால் உங்களுக்கு 37.5க்குப் பதிலாக 11.7தான் வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இது வழங்குநரின் ஏமாற்று வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றே புகார் பதிவு செய்யுங்கள்.

பழைய மோடம்

எட்டால் வகுப்பது சரியன்று. பத்தால் வகுக்க வேண்டும். தொலைபேசி மோடம் காலத்திலிருந்து நான் அப்படித்தான் கணக்கிட்டு வருகிறேன், இதுவரை பெரிதாகத் தவறியதில்லை. அப்போது கணினியின் சீரியல் போர்ட் வழியாகச் செல்லும் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு பிட்டும் பின்னால் ஒரு பிட்டும் சேர்ந்து, எட்டு பிட் பத்தாகிவிடும். 300ஐப் பத்தால் வகுத்தால் 30. 45 ஜிபிக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி

எனக்கும் இதே பிரச்சினை. நான் வாங்கிய 64 ஜிபி பென்டிரைவைக் கணினியில் செருகினால் 59.6 ஜிபி என்றுதான் காட்டுகிறது. இதுவும் இந்த பிட், பைட் வேறுபாட்டால்தானா?

கம்பிவடம்

செம்பருத்தி அவர்களே, உங்களுடையது வேறு விஷயம். பென்டிரைவ் தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதை 1024ஆல் மும்முறை வகுத்துக் காட்டுகிறது. பைட்டுகளில் எதுவும் தொலையவில்லை. பிட் கணக்காக இருந்திருந்தால் எட்டில் ஒரு பங்கான 8 ஜிபி என்றல்லவா காட்டியிருக்கும்!

கதிரோன் அவர்களே, யாழினி கூறிய வகுத்தல் சரி. ஆனால் புகார் கொடுக்கும் முன் 11.7 என்ற அந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். அதைத் திரும்ப எட்டால் பெருக்கினால் 93.6 மெகாபிட் வருகிறது. இத்துறையில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பழகிய எண். 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது கோப்புக்கு மிஞ்சுவது ஏறத்தாழ இவ்வளவுதான். கோப்பு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு வருகிறது. ஒரு முழுப் பொட்டலமும் அடுத்ததற்கு முந்தைய இடைவெளியும் கேபிளில் எடுத்துக்கொள்ளும் இடம் 1,538 பைட் என்றால், அதில் உங்கள் கோப்புக்கு உரியது 1,450 பைட் அளவே. மற்றவை முகவரி, வரிசை எண், பிழை சரிபார்ப்பு போன்றவற்றுக்குப் போய்விடும். அதனால் 100இல் ஏறத்தாழ 94 மிஞ்சுகிறது.

வழங்குநரின் பக்கம் நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாலையில் குறையும், அதிகாலையில் கூடும். உங்களுடையதோ ஒரு மணி நேரமும் அசையாமல் 11.7இல் நின்றிருக்கிறது. ஆகவே கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான இணைப்பு 100 மெகாபிட்டில் சிக்கியிருக்கிறது என்றே எண்ணுகிறேன். பவர்ஷெல்லைத் திறந்து கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுத்து, ஈதர்நெட் வரிசையில் வரும் எண்ணைத் தெரிவியுங்கள்.

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

கூடவே, இணைய வேகச் சோதனை ஏதேனும் செய்திருந்தால் அதன் முடிவையும் கூறுங்கள்.

கதிரோன்

மிக்க நன்றி. LinkSpeed என்ற இடத்தில் 100 Mbps என்று வந்தது. வேகச் சோதனையை முன்பே செய்திருந்தேன், 94.1 என்று காட்டியது. அதை மெகாபைட் என்று எண்ணிக்கொண்டு, "சோதனையில் 94 வருகிறது, பதிவிறக்கத்தில் மட்டும் 11.7 ஏன்" என்று இரண்டு நாள்களாக வீணாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வேகம்தான் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கம்பிவடம்

ஆம், இரண்டும் ஒன்றே. வேகச் சோதனைத் தளங்களும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரும் மெகாபிட்டில் பேசுகின்றன. உலாவிகளும் பெரும்பாலான பதிவிறக்க மென்பொருள்களும் மெகாபைட்டில் பேசுகின்றன. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இனி, 100இல் சிக்குவதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி முறிந்திருந்தாலோ, முனையில் சரியாகத் தொடாமல் இருந்தாலோ, இரு பக்கக் கருவிகளும் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல் வேலை செய்வதால் யாருக்கும் ஐயம் எழாது. முதலில் நல்ல நிலையிலுள்ள வேறொரு கேபிளை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் 100 என்றே வந்தால், ரௌட்டரின் போர்ட்டோ கணினியின் போர்ட்டோ 100க்கு மேல் போகாத வகையா என்பதைப் பார்க்க வேண்டும்; அப்படியானால் எத்தனை கேபிள் மாற்றினாலும் பயனில்லை.

கதிரோன்

கேபிளை மாற்றினேன். பழையது கதவின் அடியில் நசுங்கிக் கிடந்தது. இப்போது LinkSpeed 1 Gbps என்று வருகிறது. சோதிப்பதற்காக அதே 45 ஜிபி கோப்பை மீண்டும் இறக்கினேன்: வேகம் 34.6 MB/s, ஆன நேரம் ஏறத்தாழ 22 நிமிடம். 34.6ஐ எட்டால் பெருக்கினால் 277 மெகாபிட். 300க்கும் இதற்கும் உள்ள இடைவெளி, தாங்கள் கூறிய பொட்டலச் செலவோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

யாழினி

வழங்குநர்மீது நான் பழிபோட்டது தவறு. வகுத்தலோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கும் இதில் ஓர் ஐயம் உண்டு. என் இணைப்பும் 300தான், ஆனால் என் மென்பொருள் பெரும்பாலும் 33 என்றே காட்டுகிறது, 34.6 வந்ததில்லை. என் இணைப்பு மெதுவானதா?

கம்பிவடம்

அப்படி இருக்க வேண்டியதில்லை. உங்கள் மென்பொருள் ஒரு மெகாபைட்டை 1024 × 1024 பைட் என்று எண்ணினால், கதிரோனின் 34.6 உங்கள் திரையில் 33.0 என்றே தெரியும். நேரத்தைக் கணக்கிடும்போது கோப்பின் அளவையும் வேகத்தையும் ஒரே மென்பொருளிலிருந்து எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பெரும்பாலும் உங்களைத் தொடாது. ஓரிடத்தில் ஓர் எண்ணையும் மற்றோரிடத்தில் மற்றோர் எண்ணையும் எடுத்துக் கலந்தால்தான் பிசகும். ஜிபி அளவில் அது 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போகும். எடுத்துக்காட்டாக, கதிரோனின் கோப்பு சரியாக 45,00,00,00,000 பைட் என்றால், விண்டோஸ் அதை 41.9 ஜிபி என்று காட்டும். ஐயம் வந்தால் கோப்பின் பண்புகளைத் திறந்து பைட் எண்ணிக்கையையே பாருங்கள். அந்த எண் எங்கும் மாறாது.

பழைய மோடம்

25 நிமிடம் என்றேன், 22 நிமிடம் ஆகியிருக்கிறது. மூன்று நிமிடம் முன்னதாக முடிந்ததற்காக யாரும் வருந்தப்போவதில்லை. மனக்கணக்குக்குப் பத்தே எளிது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

கம்பிவடம்

நேரத்தை முன்கூட்டி மதிப்பிடுவதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஐயா. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பத்து வந்த சீரியல் போர்ட்டுக் காரணம் இன்றைய ஈதர்நெட் கேபிளில் இல்லை. மேலும், பழுது தேடும்போது எட்டும் அதன்மேல் ஆறு விழுக்காட்டுக் கழிவும் என்று கணக்கிட்டதால்தான் 11.7 என்பது 100 மெகாபிட்டின் உச்சி என்று அடையாளம் தெரிந்தது. பத்தால் பெருக்கியிருந்தால் 117 வந்திருக்கும். அது எதையும் சுட்டிக்காட்டாது.

யாழினி

பத்தால் வகுத்துச் சொன்னால் வீட்டில் உள்ளவர்களுக்கு எளிதில் புரிகிறது என்பது உண்மைதான். ஆயினும் நான் எட்டையே வைத்துக்கொள்கிறேன்.

கதிரோன்

ஒரு செய்தி மட்டும் மிச்சம். நேற்று மாலை வேறொரு தளத்திலிருந்து 6 ஜிபி கோப்பு ஒன்றை இறக்கியபோது வேகம் 9 MB/s அளவில் ஏறி இறங்கியது. அதே வேளையில் வேகச் சோதனை 278 Mbps காட்டியது. LinkSpeed இன்னமும் 1 Gbps தான்.

கம்பிவடம்

சோதனை முழு வேகம் காட்டியதால் உங்கள் கேபிளும் திட்டமும் சரியாக உள்ளன. அந்தத் தளம் ஒவ்வொருவருக்கும் வேக வரம்பு வைத்திருக்கலாம்; அல்லது அங்கிருந்து உங்கள் வழங்குநர் வரையுள்ள பாதை மாலையில் நெரிசலாக இருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதை இங்கிருந்தபடி என்னால் கூற இயலாது. அதே கோப்பை அதிகாலையில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அப்போதும் 9 என்றால் வரம்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கதிரோன்

நாளை காலை ஐந்து மணிக்கு முயன்று, எண்ணையும் அதன் அலகையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.