நாபை முழுசாத் திருப்பினால் பல்பு அணைகிறது: டிம்மர் அனுபவங்கள்

குடந்தை சால்டரிங்

நாடக மேடைக்கு 100 வாட் குண்டு பல்பு டிம்மர். பிசி 817 ஆப்டோவில் ஜீரோ கிராசிங், ட்ரையாக்கைத் தட்ட எம்ஓசி 3021, ட்ரையாக் பிடி 136, ஆர்டுயினோ. ஜீரோ கிராசிங் பல்ஸ் எழும்பும் விளிம்பிலிருந்து (RISING) கோட் தாமதத்தை எண்ணுது, நாப் கடைசியில் அது 0.1 மில்லி செகண்ட். நாபை ஏற்ற ஏற்ற வெளிச்சம் அழகா ஏறுது. கடைசித் திருப்பில் பொசுக்குன்னு பல்பு அணைஞ்சு போகுது. கொஞ்சம் பின்னால் இழுத்தால் திரும்ப முழு வெளிச்சம். ட்ரையாக்கை மாத்தியாச்சு, எம்ஓசியையும் மாத்தியாச்சு, அதே கதைதான். யாருக்காவது இது நடந்திருக்கா?

தஞ்சை டிப்ளமோ

எம்ஓசி 3021-ஐத் தூக்கிப் போட்டுட்டு 3041 போடுங்க. ஜீரோ கிராசிங் அதுக்குள்ளேயே இருக்கு, தனி சர்க்யூட்டே வேண்டாம். ஹீட்டர் போர்டுக்கெல்லாம் அதான், ரேடியோவில் கரகரப்பும் வராது.

மாயவரம் ஸ்கோப்

டிப்ளமோ தம்பி, ஹீட்டருக்கு நீங்க சொல்றது சரி. டிம்மருக்கு ஆகாது. அரைச் சுற்று நடுவில் எல்இடியை எரிய விட்டால், அங்கே மின்னழுத்தம் அதிகமா இருக்குன்னு 3041 ட்ரையாக்கைத் தட்டவே தட்டாது. பல்பு ஒண்ணு முழுசா எரியும், இல்லேன்னா எரியாது. இடைப்பட்ட வெளிச்சம் கிடைக்காது.

குடந்தை அண்ணே, உங்க போர்டில் பாகம் எதுவும் கெடலை. 230 வோல்ட் லைனில் இரண்டு 47 கே, அப்புறம் பிரிட்ஜ், அப்புறம் ஆப்டோ எல்இடின்னு போட்டிருப்பீங்க. அந்த எல்இடி ஜீரோவில் அணையறதில்லை, அதுக்கு முன்னாடியே அணைஞ்சிடுது. 10 கே புல்-அப் வச்ச டிரான்சிஸ்டரைக் கீழே இழுத்துப் பிடிக்க எல்இடியில் சுமார் 1 மில்லி ஆம்பியர் ஓடணும். 94 கே வழியா அது ஓட 94 வோல்ட் வேணும். உச்சம் 325 வோல்ட், அதனால் நிஜ ஜீரோவுக்குச் சுமார் 0.9 மில்லி செகண்ட் முன்னாடியே பல்ஸ் எழும்பிடும், ஜீரோ தாண்டி 0.9-ல் விழும். நாப் கடைசியில் உங்க கோட் 0.1 மில்லி செகண்டில் தட்டுது. அதாவது ஜீரோவுக்கு 0.8 முன்னாடி. ட்ரையாக் பழைய அரைச் சுற்றின் வாலைப் பிடிச்சு எரிஞ்சுட்டு ஜீரோவில் அணையுது. புது அரைச் சுற்றுக்குத் தட்டவே ஆள் இல்லை.

திருவாரூர் மோட்டார்

பல்ஸ் விழும் விளிம்பை எடுத்துக்கிட்டா தீர்ந்துச்சு. RISING-ஐ FALLING ஆக்குங்க, ஒரு வார்த்தைதான்.

மாயவரம் ஸ்கோப்

மேல் பக்கம் தீரும், கீழ்ப் பக்கம் கெடும் அண்ணே. 9.5 மில்லி செகண்ட் தாமதம் வச்சால் 0.9-ம் சேர்ந்து அடுத்த ஜீரோவைத் தாண்டிடும். மங்கலா இருக்க வேண்டிய பல்பு பளிச்சுன்னு மின்னும். நடுப்புள்ளியைப் பிடிச்சாத்தான் இரண்டு பக்கமும் சரியாகும்:

```
void zc() {            // CHANGE
  if (digitalRead(2)) t0 = micros();
  else {
    w = micros() - t0;
    wait = (d > w/2) ? d - w/2 : 0;
  }
}
```

பல்ஸ் விழுந்த கணத்திலிருந்து wait மைக்ரோ செகண்ட் எண்ணி டைமர் தட்டணும். w பல்ஸின் அகலம், d நாப் கேட்கிற தாமதம், எல்லாம் மைக்ரோ செகண்டில். d-யை 9000-க்கு மேல் விடாதீங்க. உச்சத்தில் 0.9 மில்லி செகண்ட் வீணாகுதேன்னு கவலை வேண்டாம், அது அரை சதவீத சக்திகூட இல்லை.

நாகை வயர்மேன்

கோட் கிடக்கட்டும், போர்டைத் திருப்பிப் பாருங்க. ஓட்டை போர்டில் பிசி 817-ன் இரண்டு கால் வரிசைக்கும் நடுவே இரண்டு வரிசை செம்புப் பொட்டு சும்மா கிடக்கும். 7.6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குன்னு நினைப்போம், பொட்டுகளைக் கழிச்சா மிஞ்சுறது ஒன்றரைதான். அதில் ஃபிளக்ஸ் பிசுக்கு, மேலே எங்க ஊர் உப்புக் காத்து. ஆப்டோ உள்ளே 5000 வோல்ட் தாங்கி என்ன பிரயோஜனம், கரண்ட் வெளியே ஊர்ந்து போயிடுமே. அந்தப் பொட்டுகளை பிளேடால் சுரண்டி எடுத்துட்டு, எம்ஓசிக்கும் அதே வேலையைச் செய்யுங்க. பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்க. லேப்டாப் கேபிளைச் செருகுறது அதுக்கப்புறம்தான்.

இன்னொண்ணு, பிடி 136-ன் தகட்டில் எம்டி 2 நேரா இருக்கு. அதில் மாட்டின ஹீட் சிங்கும் லைவ்தான். மேடையில் பெட்டி திறந்து கிடக்கும்னா பிடிஏ 12 வாங்குங்க, அதில் தகடு உள்ளேயே பிரிச்சிருக்கும். 47 கே இரண்டையும் சேர்த்து ஒரே 100 கே-யா யாரும் போடாதீங்க. கால் வாட் ரெசிஸ்டர் பொதுவா 250 வோல்ட் வரைதான் தாங்கும். வாட்டும் பத்தாது, ஆளுக்கு அரை வாட் போடுங்க.

திருவாரூர் மோட்டார்

என் வீட்டு எல்இடி பல்பு இப்படித்தான் சிமிட்டுது, அதுக்கும் இதே கோட் போதுமா?

குடந்தை சால்டரிங்

போட்டுப் பார்த்தாச்சு. முழுசாத் திருப்பினாலும் இப்போ அணையலை. w பகலில் 1.9 மில்லி செகண்ட் காட்டுது. சாயந்திரம் வயல் மோட்டாரெல்லாம் ஓடும்போது லைன் 180 வோல்ட்டுக்கு இறங்குச்சு, அப்போ 2.4. நிலையா ஒரு எண்ணை எழுதி வச்சிருந்தா அந்த நேரத்தில் திரும்பவும் மாட்டியிருப்பேன். பொட்டு சுரண்டுற வேலை பாதியில் நிக்குது.

தஞ்சை டிப்ளமோ

3041 பத்தி ஒத்துக்கறேன். ஆனா மேடைக்கு ஜெனரேட்டர் வச்சா 50 ஹெர்ட்ஸ் நிலையா நிக்காதே. 52-க்கு ஏறினால் அரைச் சுற்று 9.6 மில்லி செகண்ட்தான். d-யின் உச்சத்தை 9000-லேயே விட்டு வைக்கலாமா, இல்லை இரண்டு பல்ஸுக்கு நடுவே உள்ள நேரத்தையும் அளந்து விகிதமாக் குறைக்கணுமா?