பாதியில் வீடு மாறியவர்களை எதில் சேர்ப்பது?

வணக்கம். பொதுச் சுகாதாரத் தாளுக்கான பயிற்சிக் கணக்கில் ஓரிடம் இடிக்கிறது.

பினாங்கு அடுக்குமாடி ஒன்றில் 500 பேர். ஆண்டுத் தொடக்கத்திலேயே 100 பேருக்கு இனிப்புநீர், பரவல் 20%. ஓராண்டில் புதிதாக 20 பேர். பலர் 20/500 என்று போட்டு 4% எழுதிவிடுகிறார்கள். ஏற்கெனவே நோயுள்ளவருக்கு அது புதிதாக வராதே! 20/400, அதாவது நிகழ்வு 5%.

அந்த 400-இல் உடல்பருமன் உள்ள 160 பேரில் 12 பேருக்கு நோய் (7.5%), மற்ற 240 பேரில் 8 பேருக்கு (3.33%). இடர் விகிதம் 2.25.

சிக்கல் இதுதான்: பருமன் பிரிவில் 30 பேர் நோயில்லாமலே ஆறாம் மாதம் கோலாலம்பூருக்கு மாறிவிட்டார்கள், பிறகு பரிசோதனை இல்லை. 160-ஐ அப்படியே வைத்தால் இடர் குறைவாகத் தெரியும். அவர்களை நீக்கினால் 12/130, 9.2%, இது சற்று மிகை. ஆளுக்கு அரை ஆண்டு என்று ஆள்-ஆண்டில் போட்டால் வருவது வீத விகிதம், இடர் விகிதமல்ல. தாளில் ‘இடர் விகிதம்’ என்றே கேட்டால் எதை எழுதுவீர்கள்? விடைத்தாள் திருத்தியவர்கள் சொல்லுங்களேன்.