பாதியில் விலகிய எதிராளியால் போன இரண்டாம் இடம்

முதல் பதிவு: கோட்டை

ஒரே புள்ளிக்காரர்களை மோதவிடும் ஏழு சுற்று சுவிஸ் செஸ் போட்டியில் 5.5 புள்ளி எடுத்தேன். இன்னொருவரும் 5.5. நாங்கள் இருவரும் மோதவில்லை என்பதால் புக்ஹோல்ஸ் பார்த்தார்கள், அதாவது எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. அவருக்கு 29.5, எனக்கு 29. அரைப் புள்ளியில் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து என் எதிராளிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 6, 5, 5, 4.5, 4, 3.5, 1. அந்த 1 தான் உறுத்துகிறது. முதல் சுற்றில் என்னிடம் தோற்றவர், இரண்டாவதில் ஜெயித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று நடுவரிடம் சொல்லிக் கிளம்பிவிட்டார். அவர் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

சிப்பாய்

எனக்கு நடந்தது வேறு மாதிரி. அடுத்தடுத்து இரண்டு சுற்று கறுப்பு, மூன்றாவதும் கறுப்பு வருமோ என்று பயந்தேன். வெள்ளைதான் வந்தது. ஆனால் எதிரில் என்னைவிட 200 ரேட்டிங் கூடுதலானவர். முதல் ஆள் கடைசி ஆளோடுதானே ஆட வேண்டும்? எனக்கு மட்டும் ஏன் நடுவில் இருப்பவர்?

யானைப்படை

கோட்டை, இதற்குத்தான் கட்-1 இருக்கிறது. எதிராளிகளில் மிகக் குறைந்த புள்ளியை விட்டுவிட்டுக் கூட்டுவார்கள். உங்களுடையது 28 ஆகும். அவருடைய பட்டியலையும் போடுங்கள், பார்ப்போம். எப்படியும் கட்-1 வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

கோட்டை

அவருடையது 6, 5, 4.5, 4, 3.5, 3.5, 3. கடைசி 3 போனால் 26.5. அப்படியென்றால் நான்தான் மேலே! ஆனால் அறிவிப்பில் முழு புக்ஹோல்ஸ் என்றுதான் போட்டிருந்தது, கட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய நடுவர்

பல வருடமாக நடுவராக உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். கட்-1 ஒருவரைத்தான் காப்பாற்றும். உங்கள் எதிராளிகளில் இரண்டு பேர் விலகியிருந்தால்? ஒருவரை வெட்டினாலும் மற்றவர் கணக்கில் நிற்பார். ஆகவே பிரச்சினையே வராது என்பது சரியல்ல.

உங்கள் விஷயத்தில் கட் வரை போகவே தேவையில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, சொல்லிவிட்டு விலகியவர் ஆடாமல் விட்ட மீதிச் சுற்றுகள் அவருடைய சொந்தப் புள்ளியில் பூஜ்யம்தான். ஆனால் அவரோடு ஆடியவரின் புக்ஹோல்ஸைக் கணக்கிடும்போது அவை டிராவாக எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் எதிராளி ஐந்து சுற்று ஆடவில்லை. அப்படியென்றால் 1 உடன் 2.5 சேர்த்து 3.5. உங்கள் மொத்தம் 31.5 வரவேண்டும். 29 என்று வந்ததைப் பார்த்தால், மென்பொருளில் ஆடாத ஆட்டங்களுக்கான அமைப்பு மாறியிருக்கலாம், இல்லையென்றால் யாரோ தாளில் வெறும் புள்ளியைக் கூட்டியிருக்கலாம்.

சிப்பாய், ஒரே புள்ளிக்காரர்களை ரேட்டிங்படி அடுக்கிப் பாதியாக வெட்டுவோம். எட்டுப் பேர் என்றால் 1க்கு 5, 2க்கு 6. ஏற்கெனவே ஆடியவர்கள் மறுபடி வந்தாலோ, நிறம் ஒத்துவராவிட்டாலோ கீழ்ப்பாதியில் ஆளை மாற்றுவோம். அதனால் மேல்பாதி ஆள் உங்களுக்கு வந்தது இயல்பு.

குதிரை

எனக்கும் ஒரு வலி உண்டு. ஆறாவது சுற்றில் 4 புள்ளியில் ஐந்து பேர். ஒற்றைப்படை ஆனதால் கடைசியில் இருந்த என்னைக் கீழே இறக்கி 3.5 காரரோடு போட்டார்கள். ஜெயித்தேன். ஆனால் அவர் 3.5-லேயே நின்றுவிட்டார். அந்தச் சுற்றில் 4 புள்ளிக்காரர்களோடு ஆடியவர்களுக்கு 5 எடுத்த எதிராளி கிடைத்தார். ஒரே சுற்றில் எனக்கு ஒன்றரைப் புள்ளி புக்ஹோல்ஸ் போச்சு. இது நியாயமா?

பழைய நடுவர்

யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும். கடந்த இரண்டு சுற்றுகளில் இறங்கியவரை மறுபடி இறக்காமல் இருக்கப் பார்ப்போம், முடியாத நேரமும் வரும். நியாயமா என்று கேட்டால், என்னிடம் முழு பதில் இல்லை. ஏழு சுற்றில் ஒரு இறக்கம் நன்றாகவே தெரியும், பதினொன்றில் அவ்வளவு தெரியாது.

யானைப்படை

சரி, கட்-1 பற்றி நான் சொன்னது பாதிதான். ஆனால் கோட்டை, போட்டியாளர் பக்கமும் பாருங்கள். அவருடைய எதிராளிகளிலும் யாராவது விலகியிருந்தால் அவருக்கும் கூடுமே?

கோட்டை

பார்த்தேன். அவருடைய 3 புள்ளி எதிராளி கடைசிச் சுற்று ஆடவில்லை, முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதை 3.5 ஆக்கினால் அவருக்கு 30. எனக்கு 31.5. ஒவ்வொரு சுற்றின் முடிவுத்தாளையும் படம் எடுத்து வைத்திருந்தது இப்போதுதான் உதவியது. கணக்கு முழுவதையும் எழுதி நடுவருக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. பரிசு கொடுத்த பிறகு மாற்றுவார்களா, பழைய நடுவரே?

பழைய நடுவர்

பரிசைத் திரும்பப் பெறுவது எனக்குத் தெரிந்து அரிது. பட்டியலையாவது திருத்தச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை கடைசிச் சுற்று முடிந்து பட்டியல் ஒட்டியவுடன், பரிசுக்கு முன்பே, விலகியவர்களின் பெயரை மட்டும் எடுத்து எதிராளிகள் பக்கம் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.