தெரியாத சீனியர்கிட்ட ரெஃபரல் கேட்ட அனுபவம்: உங்களுக்கு எப்படி நடந்தது?

வைகைக்கரை:
நான் 2018 பேட்ச், ஈ.சி.ஈ., மதுரைப் பக்கத்துக் காலேஜ். பெருங்குடியில இருக்கிற ஒரு பேமென்ட் கம்பெனியில சீனியர் பேக்எண்ட் வேலை வந்திருந்துச்சு. லிங்க்ட்இன்ல நம்ம காலேஜ் பக்கத்துக்குப் போய், முன்னாள் மாணவர்கள் பகுதியில அந்தக் கம்பெனி பேரைப் போட்டுத் தேடினேன். மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் போன மாசம்தான் சேர்ந்திருந்தார், அவரே புரொபேஷன்ல இருப்பார்னு விட்டுட்டேன். இன்னொருத்தர் சேல்ஸ். மூணாவது 2013 பேட்ச் அக்கா, இன்ஜினியரிங்ல இருக்காங்க. நேர்ல பார்த்ததே இல்ல. கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட்டோட போற குட்டிக் குறிப்புல பேட்ச் மட்டும் சொன்னேன், அவங்க ஏத்துக்கிட்ட பிறகு இதை அனுப்பினேன்:

> வணக்கம் அக்கா. நான் 2018 பேட்ச் ஈ.சி.ஈ. நாம சந்திச்சதில்ல. உங்க கம்பெனியில செட்டில்மென்ட் டீமுக்கு ஒரு சீனியர் பேக்எண்ட் வேலை வந்திருக்கு, ஜாப் ஐடியும் லிங்க்கும் கீழே இருக்கு. படிப்பு முடிச்சதுல இருந்து ஜாவாதான். கடைசி ரெண்டு வருஷமா ஒரு கடன் நிறுவனத்துல ரீகன்சிலியேஷன் பகுதியைப் பார்த்துக்கறேன். பேங்க் ஃபைல்ல வர்ற தொகையும் எங்க கணக்கும் ஒத்துப்போகலைன்னா எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வேலை. அவங்க கேட்கிறதுல காஃப்கா மட்டும் எனக்குக் கைப்பழக்கம் கம்மி. நோட்டீஸ் 60 நாள். ரெஸ்யூமே இணைச்சிருக்கேன்.
>
> என்கூட நீங்க வேலை பார்த்ததில்ல, அதனால தயக்கம் இருந்தா அது நியாயம்தான். "இப்போ வேண்டாம்"னு ஒரு வரி போட்டாலே போதும், காரணம் எதுவும் வேண்டாம். நான் இன்னும் எங்கேயும் அப்ளை பண்ணலை. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துட்டு வெப்சைட்ல நேரா போட்டுடுவேன். நீங்க பதில் போடாம விட்டாலும் என் பக்கம் எதுவும் நிக்காது.

பதில் வந்துச்சு. "கூட வேலை பார்த்தவங்களை மட்டும்தான் ரெஃபர் பண்றது வழக்கம், அதனால இது வேண்டாம்பா. ஆனா நீ சொல்ற ஐடியில ஏற்கெனவே ஒருத்தருக்கு ஆஃபர் போயாச்சு. அவர் சேர்ற வரைக்கும் பேஜை எடுக்க மாட்டாங்க. டிஸ்ப்யூட் டீம்ல ஒண்ணு வரப்போகுது, ரீகன்சிலியேஷன் பார்த்த ஆளுக்கு அதுதான் பொருத்தம். வந்ததும் நேரா போடு."

ரெஃபரல் கிடைக்கல, ஆனா செத்த ஐடிக்குப் பின்னால ஓடாம தப்பிச்சேன். டிஸ்ப்யூட் டீம் வேலை வந்துச்சு, போட்டேன், முதல் ரவுண்டு முடிஞ்சு டிசைன் ரவுண்டுக்குக் காத்திருக்கேன். கேட்டவங்க, கேட்கப்பட்டவங்க ரெண்டு பக்கமும் உங்க கதையைச் சொல்லுங்க.

ஓஎம்ஆர்வாசி:
நான் கேட்கப்படுற பக்கம். வாரம் தவறாம வரும். முக்கால்வாசி "ஹாய் அண்ணா, எனி ஓப்பனிங்ஸ்?" ரகம். இதுக்கு என்ன பதில் சொல்றது? நூறு ஓப்பனிங் இருக்கும், எது உனக்குன்னு நான் உட்கார்ந்து தேடணுமா?

எங்க போர்ட்டல்ல ரெஃபர் பண்ணணும்னா ஜாப் ஐடி, மெயில், மொபைல், ரெஸ்யூமே கேட்கும். அதுக்கப்புறம்தான் விஷயமே இருக்கு. "இவரை எப்படித் தெரியும்?" கூட வேலை பார்த்தவர், கூடப் படிச்சவர், நேரடிப் பழக்கம் இல்லை, இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். முகமே தெரியாத ஜூனியருக்கு நான் கடைசியைத்தான் போடுவேன். கீழே ஒரு காலிப் பெட்டி, "ஏன் பொருத்தமானவர்?" அங்க எழுத எனக்கு என்ன தெரியும்? "பேங்க் ஃபைலும் எங்க கணக்கும் எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வேலை"ன்னு நீ எழுதினேல்ல, அந்த வரியை அப்படியே எடுத்து, "அவர் சொன்னபடி"ன்னு சேர்த்துப் போட்டுடுவேன். காஃப்கா கம்மின்னு சொன்னதும் நல்லதுதான். மிச்சத்தை நம்பலாம்னு தோணும்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது "இன்னும் அப்ளை பண்ணலை"ங்கிற வரி. போன வருஷம் ஒரு பையன் எல்லாம் சரியா அனுப்பியிருந்தான். போர்ட்டல்ல போட்டா "இந்த விண்ணப்பதாரர் ஏற்கெனவே உள்ளார்"னு வந்து நின்னுடுச்சு. விசாரிச்சா, அவன் எப்பவோ ஒரு கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமே குடுத்திருக்கான், அவங்க எங்க கம்பெனியில ஏத்திட்டாங்க. அவனுக்கே தெரியாது. அவன் பேர் கொஞ்ச மாசத்துக்கு அந்தக் கன்சல்டன்சி கணக்குலதான் இருக்கும், என் ரெஃபரல் ஒட்டாது. கன்சல்டன்சிக்காரங்ககிட்ட "எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் முதல்ல என்கிட்ட சொல்லிட்டு அனுப்புங்க"ன்னு எழுத்துல வாங்கி வெச்சுக்கறது நல்லது.

பல்லடம் பையன்:
தப்பிக்க வழி குடுத்தா எவனும் தப்பிச்சுக்குவான். அந்த அக்கா செய்யறதாத்தான் இருந்திருப்பாங்க, நீங்களே கதவைத் திறந்து விட்டுட்டீங்க. ரெஃபரல் இருந்தா இன்டர்வியூ கன்ஃபார்ம். அதுக்குக் கொஞ்சம் அழுத்திக் கேட்கறதுல தப்பில்ல. அவங்களுக்கும் போனஸ் வருதுல்ல?

ஆள்சேர்ப்பு மேசை:
பல்லடம் தம்பி, நான் டேலண்ட் அக்விசிஷன்ல இருக்கேன். கன்ஃபார்ம் எல்லாம் கிடையாது. ரெஃபரல்ல வந்தா ரெஸ்யூமேயை யாராவது ஒரு ஆள் திறந்து பார்ப்போம், வெப்சைட் வழியா வந்தா அதுக்கும் உத்தரவாதம் இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான். நல்ல கம்பெனியில ரெஃபரல் வரிசையே நீளமா இருக்கும். "நேரடிப் பழக்கம் இல்லை"ன்னு போட்டு, கீழ்ப் பெட்டியும் காலியா வந்தா, வெப்சைட்ல வந்ததுக்கும் அதுக்கும் நான் பெரிய வேறுபாடு பார்க்கறதில்ல. அழுத்திக் கேட்டு வாங்கினது பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். போனஸும் ஆள் சேர்ந்து சில மாசம் தாண்டின பிறகுதான். அதைக் காட்டிக் கேட்டா எதிர்ல இருக்கிறவங்களுக்கு எரிச்சல்தான் வரும்.

நீங்க சொல்றதுல ஒரு பாதி சரி. வழி குடுத்தா "வேண்டாம்" அதிகமாத்தான் வரும். ஆனா சத்தமே இல்லாமப் போறது குறையும். வேலை தேடறவனுக்கு எது நல்லதுன்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்கலாம்.

வைகைக்கரை, தேதி சொன்னது சரி. ஆனா ஒரு வாரத்துக்குக் குறைச்சு யாரும் வைக்காதீங்க. நிறையப் பேர் லிங்க்ட்இன்னை வாரக்கடைசியில்தான் திறப்பாங்க. நீங்க நேரா போட்ட மறுநாள் அவங்க "பண்றேன்"னு வந்தா, சில சிஸ்டத்துல பின்னாடி சேர்க்க முடியும், சிலதுல முடியாது.

ரிடையர்டு கேஷியர்:
என் மகனுக்கும் இப்படித்தான் இரண்டு பேர் பெயர் கேட்டார்கள். அவனுடைய துறைத் தலைவரையும் எங்கள் பழைய மேனேஜரையும் கொடுத்தோம். மேனேஜருக்குப் போன் செய்து நடத்தை எப்படி என்று விசாரித்தார்களாம். முன்கூட்டியே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

ஆள்சேர்ப்பு மேசை:
ஐயா, நீங்க சொல்றது ஆஃபர் சமயத்துல நடக்கிற ரெஃபரன்ஸ் விசாரணை. இங்க பேசறது அப்ளை பண்றதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிறவர் பேரைக் குடுக்கறது. முன்கூட்டியே சொல்லிவைக்கணும்கிறது ரெண்டுக்குமே பொருந்தும்.

தாமிரபரணி 2012:
மெசேஜ்ல எவ்வளவு வழி வெச்சாலும், எந்தப் பாதையில கேட்கறாங்கன்னு ஒண்ணு இருக்கு. என்கிட்ட ஒரு பொண்ணு நேரடியா கேட்கல, எங்க சித்தப்பா மூலமா வந்துச்சு. "நம்ம ஊர்ப் பொண்ணு, பார்த்து ஏதாவது பண்ணும்மா"ன்னார். இதுல நான் எப்படி முடியாதுன்னு சொல்றது? தீபாவளிக்கு ஊருக்குப் போகணும்ல. ரெஃபர் பண்ணினேன், இன்டர்வியூ நாள் குறிச்சாங்க, அவ வரவே இல்ல. வேற கம்பெனி ஆஃபர் வந்துடுச்சாம், யாருக்கும் சொல்லல. ரெக்ரூட்டர் சாட்ல வந்து "உங்க கேண்டிடேட் எங்கே?"ன்னு கேட்டார். "உங்க கேண்டிடேட்"ங்கறது ரொம்ப நாள் காதுல நின்னுச்சு.

பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல பேரை டேக் பண்ணிக் கேட்கறதும் இதே ரகம்தான். எல்லார் முன்னாலயும் எப்படி மறுப்பாங்க? அங்க "பார்க்கறேன்"னு விழுந்தா வேண்டாம்னு அர்த்தம். தனியா கேட்டிருந்தா அதை நேராவே சொல்லியிருப்பாங்க.

குறிஞ்சிப்பாடி:
எனக்கு வேற மாதிரி ஆச்சு. சீனியர் அண்ணா உடனே "பண்ணிட்டேன்"னு சொல்லிட்டார். நான் போன் வரும்னு உட்கார்ந்திருந்தேன். அவங்க சிஸ்டத்துல இருந்து எனக்கு ஒரு லிங்க் வந்திருக்கு, அதைத் தட்டி ஃபார்மை நிரப்பினாத்தான் ரெஃபரல் நிக்குமாம். மெயில் ப்ரமோஷன்ஸ்ல கிடந்துச்சு, பார்க்கறப்போ லிங்க் காலாவதி. மறுபடி அவரைத் தொந்தரவு பண்ண மனசு வரல. இப்படித் திரும்பக் கேட்கலாமா?

ஓஎம்ஆர்வாசி:
தாராளமா. புதுசா கேட்கலையே, பாதியில நின்னதை முடிக்கச் சொல்றீங்க. "லிங்க் காலாவதி ஆயிடுச்சு, உங்க போர்ட்டல்ல திரும்ப அனுப்பற வசதி இருந்தா தட்டிவிடுங்க, இல்லைன்னா நான் நேரா போட்டுக்கறேன்"னு எழுதுங்க. எங்க போர்ட்டல்ல அது ஒரே பட்டன்.

ஆனா வைகைக்கரை, அந்த அக்கா ஆஃபர் போன விஷயத்தை வெளியில சொன்னதுல எனக்குக் கொஞ்சம் நெருடல். எங்க டீம்ல அதைச் சொல்லக் கூடாது. கேட்கறவங்க அந்தத் தகவலை எதிர்பார்த்து எழுதாதீங்க.

வைகைக்கரை:
நான் அதைக் கேட்கல, அவங்களாச் சொன்னதுதான். டீம் பேரை மாத்தித்தான் இங்க போட்டிருக்கேன். இன்னொரு சந்தேகம். டிஸ்ப்யூட் டீமுக்கு நேரா போட்டு ரவுண்டு நடக்குதுன்னு அவங்ககிட்ட இப்பவே சொல்றதா, முடிவு வந்த பிறகா?

ஆள்சேர்ப்பு மேசை:
முடிவு வந்த பிறகு. பேனல்ல அவங்களே உட்காரலாம், இல்ல பேனல்ல இருக்கிறவர் அவங்க பக்கத்து சீட்டா இருக்கலாம். நடுவுல மெசேஜ் போனா சிபாரிசு கேட்கற மாதிரி தெரியும்.

தாமிரபரணி 2012:
எனக்கு அப்படித் தோணல. அவங்க சொன்ன இடத்துலதான் போட்டிருக்கான். வேற யார் மூலமாவது தெரிஞ்சா "ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு நினைக்க மாட்டாங்களா? "நீங்க சொன்னதைப் போட்டுட்டேன், நன்றி அக்கா"ன்னு ரெண்டு வரி. கேள்வி எதுவும் இல்லாம.

வைகைக்கரை:
புதன்கிழமை டிசைன் ரவுண்டு. பேனல் பேர் இன்வைட்ல வரும்னு சொல்லியிருக்காங்க, அதைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்.