சிம்பல் இல்லாத டிராயிங்: துளை இடது முனையிலா, வலது முனையிலா?

பிட்டர்
80 நீளம், 50 உயரம், 20 கனத்தில் ஒரு பிளேட். மேல்பாதியில் 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு ஸ்டெப். பிரன்ட் வியூவுக்கு வலப்பக்கம் ஒரு சைடு வியூ. அதில் 10 விட்டத் துளை முழுக்கோடு வட்டமாக இருக்கிறது, ஆழம் 12 என்று குறிப்பு. பிரன்ட் வியூவில் டாட்டட் லைனே போடவில்லை. டைட்டில் பிளாக் பக்கம் கிழிந்துபோய், ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்டு ஆங்கிளா என்று காட்டும் சிம்பலும் இல்லை. வட்டம் வலப்பக்கம் இருக்கிறதே என்று வலது முனையில் துளை போட்டாயிற்று. அசெம்பிளியில் துளைக்குள் நுழையும் பின் வர வேண்டியது இடது முனை. பிளேட்டை எப்படித் திருப்பினாலும் ஸ்டெப் தப்பான இடத்துக்குப் போகிறது. அந்த ஸ்டெப் பின்முகத்துக்குப் போய் நின்றதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெறும் தாளை வைத்து இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா?

மில்லிங்
முழுக்கோடு என்றால் பார்ப்பவர் பக்கம், டாட்டட் என்றால் மறுபக்கம். வலது வியூவில் வட்டம் முழுக்கோட்டில் இருக்கிறது, ஆக துளை வலது முனையில். போட்டது சரி, டிராயிங்தான் தப்பு.

டிசைன் டேபிள்
முதல் பாதி சரி, முடிவு சரியில்லை. பார்ப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதானே கேள்வி? தேர்டு ஆங்கிளில் வலப்பக்கம் வைத்த வியூ, வலப்பக்கமிருந்து பார்த்தது. ஃபர்ஸ்ட் ஆங்கிளில் அதே இடத்தில் இருப்பது இடப்பக்கமிருந்து பார்த்தது. முழுக்கோடு வட்டம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். துளை மட்டும் முனை மாறிவிடும்.

இந்தத் தாளில் பதிலை ஸ்டெப்பே சொல்லிவிடுகிறது. பிரன்ட் வியூவில் உயரத்தின் நடுவே ஸ்டெப்புக்கு முழுக்கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டெப் முன்முகத்தில்தான். பின்முகத்தில் இருந்தால் அந்தக் கோடு டாட்டட் ஆகியிருக்கும், இல்லை போடாமலே விட்டிருப்பார்கள். அடுத்து சைடு வியூவைப் பாருங்கள். அதில் ஸ்டெப்பின் வெட்டு பிரன்ட் வியூவை ஒட்டிய விளிம்பில் இருக்கிறதா, தள்ளியிருக்கும் விளிம்பிலா? தேர்டு ஆங்கிளில் முன்முகம் எப்போதும் பிரன்ட் வியூவை ஒட்டியே வரும், ஃபர்ஸ்ட் ஆங்கிளில் தள்ளிப்போகும். மேல் வியூவுக்கும் இதே கதைதான்.

பிட்டர்
நடுவில் முழுக்கோடு இருக்கிறது. வெட்டு தள்ளியிருக்கும் விளிம்பில்.

டிசைன் டேபிள்
அப்படியென்றால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். சைடு வியூ இடப்பக்கமிருந்து பார்த்தது, துளை இடது முனையில். ஸ்டெப்பை பிரன்ட் வியூ சொன்னபடி போட்டுவிட்டு, துளையை மட்டும் தேர்டு ஆங்கிளாகப் படித்ததால் கண்ணாடிப் பிம்பமாக ஒரு பிளேட் வந்துவிட்டது. துளை கனத்தின் நடுவில் இல்லையென்றால் அதையும் சரிபாருங்கள். அந்த சைடு வியூவில் பிரன்ட் வியூவை ஒட்டிய விளிம்பிலிருந்து 8 என்று அளவு இருந்தால், அது இங்கே பின்முகத்திலிருந்து 8.

ஷாப் சூப்பர்வைசர்
எங்களுக்கு வந்த ஒன்றில் அம்புக்குறி போட்டு 'ஏ' என்று எழுதிய வியூ, தாளின் மூலையில் கிடந்தது. அதையும் ஃபர்ஸ்ட் ஆங்கிளாகப் படித்து கீவே பக்கம் மாறிப்போனது. அம்பு போட்ட வியூவைத் தாளில் எங்கு வேண்டுமானாலும் வைப்பார்கள், அம்பு காட்டும் திசையில்தான் பார்க்க வேண்டும்.

டிசைன் டேபிள்
உண்மைதான், ஆனால் இவர் தாளில் அம்பு இல்லையே.

டூல் ரூம்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சிம்பல் இருக்கிற தாளிலும் தலைகீழாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். சிம்பலில் ஒரு முனை வெட்டிய கூம்பும் பக்கத்தில் இரண்டு வட்டங்களும் இருக்கும். வட்டம் இடதா வலதா என்று மனப்பாடம் செய்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் கூம்பைத் திருப்பிப் போட்ட சிம்பலும் உண்டு. கூம்பின் சிறிய முனை வட்டங்களைப் பார்த்து நின்றால் தேர்டு, பெரிய முனை பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட். எந்தப் பக்கம் போட்டாலும் இது மாறாது. அப்புறம், பழைய ஃபைலை வேறு டெம்ப்ளேட்டில் ஒட்டும்போது சிம்பல் மட்டும் மாறி வியூக்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அதனால் சிம்பலை நம்பினாலும் டிசைன் டேபிள் சொன்ன ஸ்டெப் சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் மெஷினை நிறுத்திவிட்டு வரைந்தவரைக் கேளுங்கள்.

மில்லிங்
ஸ்டெப்பே இல்லாத சாதாரண பிளேட்டாக இருந்தால்?

டிசைன் டேபிள்
அதில் டாட்டட் லைனும் இல்லை, வேறு அடையாளமும் இல்லை என்றால் தாளை வைத்து ஃபர்ஸ்டா தேர்டா என்று சொல்லவே முடியாது. துளை கனத்தின் நடுவில் இருந்தால் கவலையில்லை, பிளேட்டைத் திருப்பினால் இரண்டும் ஒன்றுதான்.

மில்லிங்
ஒரு பக்கம் தள்ளியிருந்தால்? முனையும் மாறும், முகமும் மாறும். அப்போதும் திருப்பினால் ஒன்றாகிவிடுமா?

பிட்டர்
ஒரு கட்டையில் சாக்பீஸால் குறித்துத் திருப்பிப் பார்க்கிறேன். நாளைக்கு வந்து சொல்கிறேன்.